மலையேற்றத்துக்குத் தலைக்கு எவ்வளவு வாங்குவது?

கேள்வி: மன்னார்குடிப் பக்கம் அரசு உதவி பெறும் பள்ளியில் வேலை செய்கிறேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் 40 பேரைப் பச்சைமலைக்கு ஒரு இரவு தங்கி மலையேற்றம் கூட்டிப்போக நினைக்கிறோம். கூட வரும் ஆசிரியர்கள் நாலு பேர். கும்பகோணத்து பஸ்காரர் 49 இருக்கை வண்டிக்கு இரண்டு நாளுக்கு ₹32,000 கேட்கிறார், 400 கி.மீ. தாண்டினால் கி.மீ.க்கு ₹45. காட்டுக் கட்டணம் தலைக்கு ₹150, தங்குவதற்கு ₹250, மேலே ஊரில் சமைத்துத் தருபவருக்கு ₹420. கைடு பத்துப் பேருக்கு ஒருவர், ஒருவருக்கு ₹800. ஸ்லீப்பிங் பேக் வாடகை நாளுக்கு ₹60. எல்லாம் கூட்டினால் ஒரு பிள்ளைக்கு ₹1,820 வருகிறது. இது போதுமா? கூலி வேலைக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகள் சிலர் இவ்வளவு தர முடியாது. அவர்களை விட்டுவிட்டுப் போக எனக்கு மனமில்லை. ஜனவரியில் போகலாமா, மார்ச்சிலா என்பதும் இன்னும் முடிவாகவில்லை.
— ஓர் ஆசிரியை, திருவாரூர் மாவட்டம்

பதில்:

அன்புள்ள டீச்சர்,

போதாது. இந்தத் தொகையை வாங்கிக்கொண்டு கிளம்பினால் திரும்பி வரும்போது பதினேழாயிரத்துக்கு மேல் உங்கள் நாலு பேர் கையிலிருந்துதான் போகும். ஆனால் கணக்கைச் சரியாகப் பிரித்துப் போட்டால், பணம் தர முடியாத பிள்ளைகளில் மூன்று பேரையாவது தாராளமாகக் கூட்டிப்போகலாம். எப்படி என்று சொல்கிறேன்.

முதலில் மாதம். மார்ச்சை மறந்துவிடுங்கள். நம் காடுகளில் பிப்ரவரி பாதியிலிருந்து சருகு காய்ந்து தீப் பிடிக்கும் காலம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத் தீயில் சிக்கி இறந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அதற்குப் பிறகுதான் மாநில அரசு மலையேற்றத்துக்கென்றே தனி விதிகள் கொண்டுவந்தது. 2025-இல் வனத்துறை தன் மலையேற்றப் பாதைகளை பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை மூடியே வைத்திருந்தது. அந்தப் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை; பாதை வழுக்கும், ஓடையில் திடீரென்று தண்ணீர் வரும், நம் ஊரிலேயே பள்ளிக்கு எப்போது விடுமுறை விடுவார்கள் என்று தெரியாது. பொங்கல் முடிந்து பிப்ரவரி முதல் வாரம் வரை உள்ள நாட்கள்தான் உங்களுக்குச் சரி. அந்த நேரம் சம்பா அறுவடையும் நடக்கும். கூலி வீடுகளில் கையில் கொஞ்சம் காசு புழங்குகிற காலம் அது. பணம் வாங்கும் தேதியை வைக்கும்போது இதையும் நினைவில் வையுங்கள்.

இப்போது கணக்கு. நீங்கள் எல்லாச் செலவையும் 40-ஆல் வகுத்திருக்கிறீர்கள். அதில்தான் சிக்கல். மலையேற்றச் செலவில் மூன்று குணம் உண்டு. சில செலவுகள் ஒவ்வொரு தலைக்கும் கூடும்: காட்டுக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு, காப்பீடு. சில செலவுகள் பத்துப் பேர் வந்தாலும் நாற்பது பேர் வந்தாலும் அப்படியே நிற்கும்: பஸ், டிரைவர் பேட்டா, முதலுதவிப் பெட்டி. கைடு கூலி இரண்டுக்கும் நடுவில், படி படியாக ஏறும். 40 பேர் வரை நாலு கைடு. நாற்பத்தோராவது ஆள் வந்தால் ஐந்தாவது கைடு. இந்த மூன்றையும் தனித்தனிச் சீட்டில் எழுதுங்கள். கடைசியில் மட்டும் கூட்டுங்கள்.

பஸ்ஸிலிருந்து தொடங்கலாம், பெரிய தொகை அங்கேதான் இருக்கிறது. மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூர், திருச்சி, துறையூர் வழியாக மலைக்கு ஒரு வழி சுமார் 175 கி.மீ. என்று வைத்து, போக வர 350, ஆகவே 400-க்குள் அடங்கிவிடும் என்று நினைத்திருப்பீர்கள். பஸ்காரர் அப்படி எண்ண மாட்டார். வண்டி அவர் ஷெட்டை விட்டுக் கிளம்பிய இடத்திலிருந்து திரும்ப ஷெட்டுக்குள் நுழைகிற வரை மீட்டர் ஓடும். ‘ஷெட் டு ஷெட்’ என்று அவரே சொல்லுவார். கும்பகோணத்திலிருந்து மன்னார்குடிக்கு வந்து போவதிலேயே 80 கி.மீ. ஆயிற்று. மலைக்கு மேல் தங்குமிடத்துக்கும் நடை தொடங்கும் இடத்துக்கும் வண்டி ஓடுவதற்கு ஒரு 30 வையுங்கள். மொத்தம் 460. கூடுதல் 60 கி.மீ.க்கு ₹2,700. டிரைவருக்கு நாளுக்கு ₹800, கிளீனருக்கு ₹500 என்று பேட்டா வைத்தால் இரண்டு நாளுக்கு ₹2,600. தஞ்சாவூர் - திருச்சி சாலையில் சுங்கச்சாவடி இருக்கிறது. அதற்கும் பார்க்கிங்குக்கும் சேர்த்து ₹1,000 எடுத்து வையுங்கள். பஸ் ₹32,000 அல்ல, ₹38,300.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் பஸ்காரரிடம் ஒன்று கேளுங்கள்: இந்த வண்டி மேலே டாப் செங்காட்டுப்பட்டி வரை ஏறுமா? சமவெளியிலேயே ஓட்டிப் பழகிய சில டிரைவர்கள் அடிவாரத்தில் வந்து நின்றுகொண்டு, இதற்கு மேல் பெரிய வண்டி போகாது என்று சொல்லிவிடுவார்கள். அப்போது 44 பேரையும் மேலே ஏற்ற ஜீப்பும் வேனும் பிடிக்க வேண்டும். அந்த இடத்தில் அவர்கள் சொல்வதுதான் விலை. மலை ஓட்டிய டிரைவரையே அனுப்புவேன், மேலே வரை வண்டி போகும் என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.

அடுத்து கைடு. நீங்கள் 40 பிள்ளைகளுக்கு நாலு கைடு போட்டிருக்கிறீர்கள். காட்டுக்குள் நடப்பவர்கள் 44 பேர். ஐந்து கைடு வேண்டும், ₹4,000. அவர்களுக்கு நடை நாளன்று காலை, மதியச் சாப்பாடு நாம்தான் தர வேண்டும். ஆளுக்கு ₹100 வைத்தால் ₹500. இந்த எண்ணிக்கையில் மட்டும் கை வைக்காதீர்கள். பச்சைமலைக் கைடுகள் பெரும்பாலும் அங்கேயே பிறந்து வளர்ந்த மலையாளிப் பழங்குடி மக்கள். எந்த ஓடையில் எப்போது கால் வைக்கலாம், எந்த இடத்தில் தேன்கூடு இருக்கிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும். வரிசையின் முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர், நடுவில் மூன்று பேர் என்று நின்றால்தான் நாற்பது பிள்ளைகளின் வரிசை பாதையில் அறுந்துபோகாமல் வரும். அறுந்தால் பின்னால் வருகிற பிள்ளை கிளைப்பாதையில் திரும்பிவிடும். பள்ளிக் குழுக்களில் நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான்.

அனுமதி தொடர்பாக ஒரு விஷயம். வனத்துறை 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்று 40 பாதைகளை ஆன்லைன் முன்பதிவில் திறந்தது. அதில் உள்ள பாதைக்குப் போனால் கட்டணத்திலேயே கைடு சேர்ந்துவிடும். மறுபடி கைடு கூலி போட்டால் பெற்றோரிடம் இரண்டு தடவை வாங்கியதாகிவிடும். அந்தப் பட்டியலில் இல்லாத பாதை என்றால் திருச்சி மாவட்ட வன அலுவலருக்குத் தலைமையாசிரியர் கையெழுத்தோடு கடிதம் போக வேண்டும்: பெயர், வயதுப் பட்டியல், போகும் பாதை, தேதி, கூட வரும் ஆசிரியர்கள் விவரம். எப்படிப் போனாலும் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குப் பெற்றோர் கையெழுத்திட்ட ஒப்புதல் கடிதம் வேண்டும். உங்களிடம் சொன்ன ₹150-இல் கைடு அடக்கமா, இல்லையா என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். இந்தக் கடிதத்தில் அடக்கமில்லை என்றே வைத்துக் கணக்குப் போடுகிறேன். வனத்துறைக்குக் கட்டும் பணத்துக்கு ரசீது கேட்டு வாங்குங்கள். ரசீது இல்லாத ‘காட்டுக் கட்டணம்’ யாராவது கேட்டால் அது அனுமதி ஆகாது.

சாப்பாட்டில் நீங்கள் விட்டது பெரியவர்களை. ₹420 என்பது முதல் நாள் மதியத்திலிருந்து இரண்டாம் நாள் மாலை வரைக்கும் என்றால் நியாயமான விலைதான். சாப்பிடுவது 40 பேர் அல்ல. ஆசிரியர்கள் நாலு, டிரைவர், கிளீனர் சேர்த்து 46 பேர். முதல் நாள் காலை டிபன் வீட்டிலிருந்து பொட்டலமாக வரட்டும். இட்லி போதும், சட்னி வேண்டாம், மிளகாய்ப்பொடி எண்ணெயில் குழைத்துத் தடவினால் பஸ்ஸில் வழியாது. நடை நாள் மதியத்துக்கு எலுமிச்சை சாதமோ புளியோதரையோ கேளுங்கள்; தயிர் சாதம், உருளைக்கிழங்கு மசால் வேண்டாம், பைக்குள் வெயிலில் நாலு மணி நேரம் தாங்காது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக்குக்குத் தடை. பிளாஸ்டிக் தாளில் கட்டிய பொட்டலத்தோடு சோதனைச்சாவடியில் நின்றால் உங்களுக்குத்தான் சங்கடம். நம் பக்கம் வாழை இலைக்கா பஞ்சம்? கீழிருந்தே ஒரு கட்டு எடுத்துப் போங்கள். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு தட்டும் இரண்டு லிட்டர் கொள்ளும் பாட்டிலும் கொண்டுவர வேண்டும். நடைக்கு மட்டும் 44 பேருக்கு 88 லிட்டர், அதாவது 20 லிட்டர் கேன் ஐந்து. சமையல்காரர் சொன்ன விலையில் இந்தத் தண்ணீர் சேருமா என்று கேளுங்கள்.

வாடகைச் சாமானில்தான் உங்களால் மிச்சம் பிடிக்க முடியும். நாளுக்கு ₹60 என்றதும் நீங்கள் இரண்டு நாளுக்கு ₹120 போட்டிருக்கிறீர்கள். கடைக்காரர் கணக்கு வேறு. கிளம்புவதற்கு முந்தின நாள் திருச்சியில் எடுக்க வேண்டும், வந்த மறுநாள்தான் திருப்ப முடியும். நாலு நாள் வாடகை. ஆசிரியர்களும் சேர்ந்து 44 பேருக்கு ₹10,560. இதற்கு மேல் முன்பணம். ஒரு பை தொலைந்தாலோ ஜிப் பிய்ந்தாலோ பிடித்தம். உங்கள் பிள்ளைகளுக்கு ஸ்லீப்பிங் பேக் தேவையே இல்லை. நீங்கள் கூடாரத்தில் படுக்கவில்லை, கூரைக்குக் கீழ் படுக்கிறீர்கள். தங்குமிடத்தில் பாய் உண்டா என்று கேளுங்கள். உண்டென்றால் ஒரு கனமான போர்வை, ஒரு ஸ்வெட்டர், காதை மூடும் துணி போதும். பச்சைமலை ஏறக்குறைய 500 முதல் 1,000 மீட்டர் உயரம். ஜனவரி இரவு நம் டெல்டாப் பிள்ளைகளுக்குக் குளிரும், ஆனால் போர்வை தாங்கும் குளிர்தான். ஷூவை வாடகைக்கு எடுக்கவே வேண்டாம். அடுத்தவர் அளவில் தேய்ந்த ஷூ முதல் மணி நேரத்திலேயே கொப்புளம் போடும். பள்ளிக்குப் போட்டுப் பழகிய கேன்வாஸ் ஷூவே மேல். அடிப்பகுதி வழவழவென்று தேய்ந்திருக்கிறதா என்று மட்டும் ஒரு வாரம் முன்பே பாருங்கள். வாடகைக்கு எடுக்க வேண்டியது தலையில் மாட்டும் டார்ச் பத்து. நாளுக்கு ₹20 என்றால் நாலு நாளுக்கு ₹800. பத்தாயிரம் போக வேண்டிய இடத்தில் எண்ணூறோடு முடிந்தது.

இந்த மிச்சத்தில் கொஞ்சத்தை, உங்கள் பட்டியலில் இல்லாத ஒரு செலவில் போடச் சொல்லுவேன். நடை நாள் முழுக்க மேலே ஒரு ஜீப் நமக்காக நிற்க வேண்டும். ஒரு பிள்ளைக்குக் கணுக்கால் பிசகினாலோ, பூச்சி கடித்தாலோ துறையூர் அரசு மருத்துவமனைக்கு இறக்க வேண்டும். பெரிய பஸ்ஸைத் திருப்பிக்கொண்டு போக நேரம் இருக்காது, அது போய்விட்டால் மீதிப் பிள்ளைகள் மேலேயே நிற்க வேண்டியிருக்கும். இதற்கு ₹2,500 வைக்கலாம். ஜீப் நமக்குத் தேவைப்படாமலே நாள் முடிந்தாலும் இந்தச் செலவு வீண் இல்லை. முதலுதவிப் பெட்டிக்கு ₹1,200. பயண நாட்களுக்கான குழு விபத்துக் காப்பீட்டுக்கு இந்தக் கணக்கில் தலைக்கு ₹30 வைக்கிறேன். காப்பீட்டு நிறுவனம் சொல்லும் தொகையை அந்த இடத்தில் மாற்றிக்கொள்ளுங்கள்.

இப்போது சீட்டுகளைச் சேர்ப்போம். தலைக்குக் கூடுவது: 150, 250, 420, 30, ஆக ₹850. அப்படியே நிற்பவை பஸ் 38,300, ஜீப் 2,500, முதலுதவி 1,200, டார்ச் 800; ஆக ₹42,800. கைடும் அவர்கள் சாப்பாடும் ₹4,500. ஆசிரியர்கள் நாலு பேருக்கு 850 வீதம் ₹3,400, டிரைவர் கிளீனர் சாப்பாடு ₹840. இதோடு எதிர்பாராத செலவுக்கு ₹4,500. பிள்ளைகளின் 850 தவிர மற்றதெல்லாம் சேர்த்து ₹56,040. நாற்பதால் வகுத்தால் ₹1,401. அதோடு 850. ஒரு பிள்ளைக்கு ₹2,251.

நீங்கள் போட்டதைவிட நானூறு ரூபாய் கூடுதல்தான். ஆனால் இந்த இரண்டு எண்களையும் பிரித்து வைத்திருப்பதால் உங்களால் இரண்டு கேள்விக்குப் பதில் சொல்ல முடியும். ஆறு பிள்ளைகள் கடைசியில் வரவில்லை என்றால் என்ன ஆகும்? 34 பிள்ளைகளும் நாலு ஆசிரியர்களும் என்றால் நாலு கைடு போதும், 900 குறையும். மீதி ₹55,140-ஐ 34 பேர் சுமக்க வேண்டும். தலைக்கு ₹2,472 ஆகிவிடும். பஸ் காலியாகப் போவதற்கு, வந்த பிள்ளைகள் ஆளுக்கு 220 ரூபாய் கொடுக்கிறார்கள் என்று அர்த்தம்.

இரண்டாவது கேள்விதான் உங்கள் மனதில் இருப்பது. பணம் தர முடியாத ஒரு பிள்ளை வந்தால் பள்ளிக்கு எவ்வளவு செலவு? நீங்கள் ₹1,820 என்று நினைத்துத் தயங்கியிருப்பீர்கள். உண்மையில் ₹850 மட்டும்தான். உங்கள் பஸ்ஸில் 49 இருக்கை. 44 பேர் போகிறீர்கள். ஐந்து இருக்கை காலி. ஐந்து கைடு ஐம்பது பேர் வரை பார்த்துக்கொள்வார்கள். அதனால் பஸ்ஸும் கைடும் ஒரு ரூபாய்கூடக் கூடாது. மூன்று பிள்ளைகளுக்கு ₹2,550. பணம் கட்டும் நாற்பது பேர் மேல் பரப்பினால் ஆளுக்கு 64 ரூபாய். ஐந்து பேரையும் கூட்டிப்போகலாமே என்று தோன்றும். வேண்டாம். பத்துப் பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்ற அளவு போய்விடும். மூன்று பிள்ளைகளும் ஐந்தாவதாக ஒரு பெரியவரும் வரட்டும். முடிந்தால் பெண் பிள்ளைகளோடு தங்கக்கூடிய ஒரு அம்மா. அவருக்கும் 850. மொத்தம் 48 பேர், பஸ்ஸில் ஒரு இருக்கை மிச்சம், கைடு கணக்கு மாறாது.

எல்லாம் சேர்த்து ₹93,440 வருகிறது. பணம் கட்டும் 40 பேரிடம் ₹2,350 வாங்குங்கள்; ₹94,000. மூன்று பிள்ளைகள் யார் என்பது உங்களுக்கும் தலைமையாசிரியருக்கும் மட்டும் தெரிந்தால் போதும். அவர்களிடமும் அதே நோட்டீஸ், அதே ஒப்புதல் படிவம், அதே ரசீதுப் புத்தகம். வகுப்பில் பட்டியல் வாசிக்கும்போது எந்தப் பிள்ளையின் பெயரும் தனியாக நிற்கக் கூடாது.

பணத்தை ஒரே தவணையில் கேட்காதீர்கள். டிசம்பர் முதல் வாரத்தில் ₹1,000. பஸ் அட்வான்ஸும் காட்டுக் கட்டணமும் அதிலிருந்து போகும். மீதி ₹1,350 பொங்கல் கழிந்த வாரத்தில், அறுவடைக் கூலி வருகிற நேரத்தில். பயணம் ஜனவரி கடைசியிலோ பிப்ரவரி முதல் வாரத்திலோ இருந்தால் இது பொருந்தும். வர முடியாமல் போனால் என்ன திரும்பும் என்பதையும் நோட்டீஸிலேயே எழுதிவிடுங்கள். பஸ், கைடு, ஜீப் பங்கு திரும்பாது, ஏனென்றால் அது மற்றப் பிள்ளைகள் தலையில் விழும். ஐந்து நாளுக்கு முன் சொன்னால் சாப்பாடு, தங்குமிடம், காப்பீடு மூன்றும் சேர்ந்து ₹700 திரும்பும். காட்டுக் கட்டணம் ஏற்கெனவே கட்டியிருப்பீர்கள். முந்தின நாள் காய்ச்சல் வந்து நின்ற பிள்ளைக்கு என்ன செய்வது என்பதை விதியில் எழுத வேண்டாம்; அந்த ₹4,500-இலிருந்து உங்கள் மனம் சொல்கிறபடி செய்யுங்கள். பயணம் முடிந்ததும் அந்தத் தொகையில் மீதி இருந்தால் கணக்கை அறிவிப்புப் பலகையில் ஒட்டி, பணம் கட்டியவர்களுக்குச் சமமாகத் திருப்பிக் கொடுங்கள்.

கடைசியாக, பஸ்காரரிடம் எழுதி வாங்கும் தாளில் இன்னொரு வரி சேருங்கள். மழையாலோ தீ அபாயத்தாலோ வனத்துறை பாதையை மூடினால் அட்வான்ஸைப் பிடிக்காமல் வேறு தேதிக்கு வண்டி தர வேண்டும். சமைப்பவரிடமும் தங்குமிடத்திலும் அதையே கேளுங்கள். மூவரும் ஒப்புக்கொண்ட பிறகு டிசம்பர் நோட்டீஸைப் பிள்ளைகள் கையில் கொடுங்கள்.